கல்யாண வாரத்தில் எதிர்வீட்டு மாடியைக் கேட்டபோது

போன வைகாசியில் என் மகளுக்குக் கல்யாணம். ஊர் கும்பகோணம். முகூர்த்தம் வியாழக்கிழமை. மண்டபம் புதன்கிழமை மத்தியானம்தான் கைக்கு வரும், வியாழன் மாலைக்குள் காலி செய்துவிட வேண்டும். கல்யாணத்துக்கு மட்டும் வருகிறவர்களுக்கு அந்த ஒன்றரை நாள் போதும், மண்டபத்து அறைகளிலேயே படுத்துக்கொள்வார்கள். ஆனால் பந்தக்கால் ஞாயிற்றுக்கிழமை காலை. அதற்கென்று சனிக்கிழமையே வந்து இறங்குகிற சொந்தம் ஒன்று எல்லா வீட்டிலும் உண்டு. அவர்களுக்கு நான்கு ராத்திரி படுக்க இடம் வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு படுக்கை அறை, ஒரு ஹால். அதில் சீர் பாத்திரமும் முறுக்கு டின்னும் ஒரு அறையை அடைத்துக்கொண்டிருந்தன.

லாட்ஜும் பார்த்தோம். சனி, ஞாயிறு என்றால் நவக்கிரகக் கோயில் சுற்ற வருகிறவர்களே எங்கள் ஊர் அறைகளை நிரப்பிவிடுவார்கள், அதோடு முகூர்த்த மாதம் வேறு. கிடைத்தாலும் நாளுக்கு இரண்டாயிரத்துக்குக் குறைந்து இல்லை. அப்போதுதான் என் வீட்டுக்காரர், "எதிர்வீட்டு மாடி சும்மாதானே கிடக்கு" என்றார்.

எதிர்வீட்டு அக்காவோடு எனக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம். என் மகள் நடை பழகியதே அவர்கள் வீட்டுத் திண்ணையைப் பிடித்துக்கொண்டுதான். மாடியில் ஒரு பெரிய அறை, ஒரு குளியலறை, வெளியே தனிப் படிக்கட்டு. கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படிக் கொடுத்துவிடுவார்கள் என்பதுதான் சிக்கல் என்று அப்போது புரியவில்லை.

முதலில் கேட்டது என் வீட்டுக்காரர். டீக்கடையில் அந்த வீட்டு அண்ணனைப் பார்த்தபோது, "கல்யாணத்துக்கு நாலு பேர் வர்றாங்க, உங்க மாடியில தங்க வச்சுக்கலாமாண்ணே?" என்று கேட்டிருக்கிறார். அவரும் டீயைக் குடித்துக்கொண்டே, "இதெல்லாம் கேக்கணுமா? தாராளமா" என்றுவிட்டார். இவர் வீட்டுக்கு வந்து, முடிந்தது வேலை என்று காகிதத்தில் ஒரு கோடு போட்டு அடித்தார்.

இரண்டு நாள் கழித்துத் தெருவில் காய்கறி வண்டியிடம் அக்காவைப் பார்த்தேன். "மாடி கேட்டீங்களாமே" என்றார். "ஆமாக்கா, உங்களுக்கு ஒண்ணும்..." என்று இழுத்தேன். "அதுக்கென்ன, வந்தா வரட்டும். பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

நம் ஊரில் யாரும் "முடியாது" என்று சொல்வதில்லை. "பாத்துக்கலாம்" என்பது பாதி முடியாது. "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்பது முக்கால். "வந்தா வரட்டும்" என்பது, ஏற்கெனவே யாரோ என்னைக் கேட்காமல் சரி சொல்லிவிட்டார்கள் என்று அர்த்தம். மனதிலிருந்து சம்மதிக்கிறவர் அடுத்த கேள்வி கேட்பார்: எத்தனை பேர், எப்போ வர்றாங்க, சின்னப் பிள்ளைங்க உண்டா? அக்கா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மாடியைப் பெருக்கித் தண்ணீர் பிடித்து வைத்து, போர்வை எடுத்துக் கொடுத்து, ராத்திரி கேட்டைப் பூட்டப் போவது அண்ணன் இல்லை. சம்மதம் கேட்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு, சம்மதம் சொல்வது சுலபமாக இருக்கிற ஆளிடம் கேட்டிருந்தோம்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்குப் போனேன். அது அக்கா சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிற நேரம். கையில் ஒன்றும் எடுத்துப் போகவில்லை. அப்போது பத்திரிகை அச்சாகி வந்திருந்தது. அதையும் கொடுத்து, இதையும் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். வேண்டாம் என்றேன். வெற்றிலை பாக்குத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டால் யாரால் மறுக்க முடியும்? பத்திரிகை வைக்கத் தனியாக, இருவருமாக, வேறொரு நாள் போனோம்.

போவதற்கு முன் இன்னொரு காரியமும் செய்திருந்தேன். பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு சின்ன லாட்ஜில் இரண்டு அறைக்கு ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்து வைத்தேன். அக்காவிடம் முதல் வாக்கியமாக அதைத்தான் சொன்னேன். "அக்கா, அண்ணன் சரின்னு சொல்லிட்டாருன்னு நீங்க சரின்னு சொல்ல வேண்டாம். லாட்ஜ் பாத்து வச்சுட்டேன். உங்களுக்குத் தோதுப்பட்டா மட்டும் சொல்லுங்க." அப்புறம் விவரம் சொன்னேன். நாலு பேர். மும்பையிலிருந்து என் சித்தப்பாவும் சித்தியும், கோயம்புத்தூரிலிருந்து என் பெரியம்மா மகளும் அவள் வீட்டுக்காரரும். சனி ராத்திரியிலிருந்து புதன் மத்தியானம் வரை. படுக்கவும் குளிக்கவும் மட்டும். சாப்பாடு மூன்று வேளையும் எங்கள் வீட்டில்.

அப்போதுதான் அக்கா முறத்தைக் கீழே வைத்தார். பெங்களூரிலிருந்து அவர் மகன் குடும்பத்தோடு புதன் சாயந்திரம் வருகிறானாம். வருவதே எங்கள் கல்யாணத்துக்குத்தான். அவனுக்கு அந்த மாடி அறைதான். "அண்ணன் சொன்னதுல இருந்து, பையனை எங்க படுக்க வைக்கிறதுன்னு யோசிச்சிட்டே இருந்தேன்" என்றார். புதன் மத்தியானம் கட்டாயம் காலி செய்துவிடுவோம் என்றதும் அவர் முகம் தெளிந்தது. அடுத்தடுத்துக் கேள்விகளாக வந்தன. வருகிறவர்களில் வயசானவர்கள் யார்? முட்டி வலி உண்டா? மாடிக் குளியலறையில் இருப்பது இந்தியன் டாய்லெட், உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். கீழே மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார், அந்த அறைப் பக்கம் பிள்ளைகள் ஓடக் கூடாது.

டாய்லெட்டைப் பற்றி நான் யோசித்தே இருக்கவில்லை. என் நாத்தனாருக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். நல்ல வேளை, அவர்களை அங்கே அனுப்பும் எண்ணமே இல்லை. அது முட்டிக்காக இல்லை, முறைக்காக. பெண்ணுக்கு அத்தை கல்யாண வீட்டில்தான் தங்க வேண்டும், எதிர்வீட்டில் படுக்க வைத்தால் அடுத்த பத்து வருஷத்துக்கு அந்தப் பேச்சு ஓடும். யாரை வெளியே தங்க வைப்பது என்பதற்கு நான் வைத்துக்கொண்ட கணக்கு இதுதான்: என் பக்கத்துச் சொந்தம், வயிற்றுக் கோளாறோ முட்டி வலியோ இல்லாதவர்கள், எதையும் நேரடியாக என்னிடமே சொல்லக் கூடியவர்கள். குறை சொல்கிற ஆளை நம் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் சொல்லும் குறை நம் காதோடு போகட்டும்.

தங்கப் போகிறவர்களிடமும் முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டேன். சித்திக்குச் சின்ன வருத்தம்தான். "ஏன்டி, எங்களை மட்டும் அடுத்த வீட்டுலயா?" என்றார். "சித்தி, இங்க ராத்திரி ஒரு மணி வரைக்கும் சத்தமா இருக்கும். சித்தப்பா ஒன்பது மணிக்கே படுக்கிற ஆளு" என்றேன். பொய் இல்லை. வந்து இறங்கிய பிறகு வாசலில் நின்றுகொண்டு சொல்லியிருந்தால் அதே காரணம் சமாதானமாகத்தான் கேட்டிருக்கும்.

இவ்வளவு ஒழுங்காகக் கேட்டும் முதல் ராத்திரியே எல்லாம் சொதப்பியது. கோயம்புத்தூர்க்காரர்கள் ஜன சதாப்தியில் வருவதாக இருந்தது. அதில் வந்திருந்தால் சனிக்கிழமை பகலிலேயே இரண்டு பேராக இறங்கியிருப்பார்கள். கடைசி நேரத்தில், நகையோடு ரயில் எதற்கு என்று காரை எடுத்துவிட்டார்கள். காரில் பின் சீட்டு காலி. அதனால் லீவில் இருந்த இரண்டு பிள்ளைகள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாமியார். ராத்திரி பத்து மணிக்கு ஐந்து பேர் இறங்கினார்கள். ரயில் டிக்கெட் எண்ணிக்கையைக் கட்டிப் போடும், கார் கட்டிப் போடாது. யார் எதில் வருகிறார்கள் என்பதை வெள்ளிக்கிழமையே ஒரு போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

அந்த நேரத்தில் என் வீட்டு ஹாலில் பூ கட்டுகிறவர்கள், பந்தல்காரருக்குப் பாக்கி, நாத்தனாருக்கு வெந்நீர். நான் ஐந்து பேரையும் அப்படியே எதிர்வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். முன்னால் ஓடிப்போய் அக்காவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவர் வாசலில் நின்று, "வாங்க வாங்க" என்று எல்லோரையும் கூப்பிட்டார். பிள்ளைகளைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டேதான் கூப்பிட்டார். அந்தச் சிரிப்பை எதிர்ச் சாரியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

சித்தப்பாவும் சித்தியும் சென்னை வந்து, அங்கிருந்து உழவன் விரைவு ரயிலில் ஞாயிறு விடிவதற்குள் வந்துவிட்டார்கள். அவர்களை நேரே எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து காபி கொடுத்து, வெளிச்சம் வந்த பிறகுதான் எதிர்வீட்டுக்கு அனுப்பினேன். அது ஒன்றாவது சரியாகச் செய்தேன்.

ஏழு மணிக்கு மாடியில் தண்ணீர் நின்றுவிட்டது. அக்கா வீட்டு மேல்தொட்டி ஆயிரம் லிட்டர். அவர்கள் வீட்டில் இருப்பது மூன்று பேர், ஒரு முறை நிரப்பினால் அவர்களுக்கு இரண்டு நாள் ஓடும். வெள்ளிக்கிழமை நிரப்பியது. வைகாசி வெயிலில் கார்ப் பயணம் செய்து வந்த ஐந்து பேர் ராத்திரி ஒரு குளியல், காலையில் ஒரு குளியல், பிள்ளைகள் குழாயைத் திறந்துவிட்டு விளையாட்டு. தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டு நின்றிருந்த சித்தியின் குரல் தெரு வரை கேட்டது. அக்கா மோட்டார் சுவிட்சைத் தட்ட, அந்த நேரம் பார்த்து மின்சாரம் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பக்கெட்டை என் அண்ணன் மகன் தூக்கிக்கொண்டு ஓடினான். பந்தக்கால் நேரம் ஒன்பதுக்குள்.

அன்று மத்தியானமே பிள்ளைகள் இருவரையும் அவர்கள் பாட்டியையும் எங்கள் ஹாலுக்கு மாற்றினேன். அக்காவிடம் போய், "சொன்னது நாலு, அனுப்பினது ஏழு. என் தப்புக்கா" என்றேன். "கல்யாண வீடுன்னா அப்படித்தான்" என்றார். அவர் அப்படிச் சொன்னாலும் நாலு நாலாகவே இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். தண்ணீருக்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். தினமும் ராத்திரி படுக்கப் போகும்போது என் பெரியம்மா மகள் அக்காவிடம் கேட்டு மோட்டாரைப் போடுவாள், தொட்டி வழிகிற சத்தம் கேட்டதும் அவளே நிறுத்துவாள். காலை நேரத்து மின்வெட்டைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது காபி. "படுக்கவும் குளிக்கவும் மட்டும்" என்று நான் சொன்னது அக்காவின் காதில் ஏறவே இல்லை. விருந்தாளி மாடியிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டு, காபி கொடுக்காமல் சும்மா இருக்க அவரால் முடியாது. சித்தப்பா எழுந்திருப்பது நாலரைக்கு. ஐந்து மணிக்கு நான் பிளாஸ்க்கில் காபி அனுப்பினால், அது வருவதற்குள் அக்கா பித்தளை ஃபில்டரில் இறக்கிய டிகாக்‌ஷனில் ஒரு டபரா கொடுத்து முடித்திருப்பார். இரண்டு நாள் தடுத்துப் பார்த்தேன். அப்புறம் தடுப்பதை விட்டுவிட்டு, தினமும் சாயந்திரம் அரை லிட்டர் பால் பாக்கெட் இரண்டை அவர் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வந்தேன். கால் கிலோ காபித்தூளும் ஒரு நாள் வைத்தேன். "இது எதுக்கு?" என்று கேட்டார், ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் மீன் வாங்கவில்லை என்பது எனக்குக் கல்யாணம் முடிந்துதான் தெரியும். சித்தப்பா வீடு சைவம் என்று எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறேன். அதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த நாலு நாளும் அடுப்பில் முட்டைகூட வைக்கவில்லை. அண்ணன்தான் சிரித்துக்கொண்டே போட்டு உடைத்தார். நான் முன்பே பேசியிருந்தால் "நீங்க வழக்கம்போல சமைங்க, சித்தப்பா சாப்பிடுறது எங்க வீட்டுலதான்" என்று சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருப்பாரா என்பது வேறு விஷயம்.

ராத்திரி கேட் இன்னொரு தொல்லை. எங்கள் வீட்டில் நலங்கு, மருதாணி என்று பதினொன்றரை ஆகிவிடும். அதுவரை அக்கா வராந்தாவில் நாற்காலி போட்டு, கொசுவை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திங்கட்கிழமை ராத்திரி அதைப் பார்த்துவிட்டு, மறுநாள் கேட் சாவிக்கு ஒரு நகல் வெட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "இந்தா, இன்னொண்ணு இருக்கு" என்று ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முதல் நாளே நான் கேட்டிருந்தால் முதல் நாளே கொடுத்திருப்பார். சாவி ஒரே ஆளிடம், பெரியம்மா மகளிடம் மட்டும் இருந்தது. கல்யாண வீட்டில் ஒரு பொருள் இரண்டு கைக்கு மாறினால் அப்புறம் அது யார் கையிலும் இருக்காது.

இதெல்லாம் சமாளிக்கக் கூடியவை. செவ்வாய்க்கிழமை நடந்ததுதான் இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. பெரியம்மா மகளின் ஒரு ஜிமிக்கியைக் காணோம். ராத்திரி கழற்றித் தலையணை ஓரம் வைத்ததாக ஞாபகம் என்றாள். காலையில் அக்கா வீட்டில் வேலை செய்கிற அம்மா மாடியைப் பெருக்கிவிட்டுப் போயிருந்தார். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் வீட்டுக்காரர், "பெருக்கினது யாரு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வி படியில் ஏறி வந்துகொண்டிருந்த அக்கா காதில் விழுந்தது.

அக்கா ஒன்றும் பேசாமல் கீழே போனார். குப்பைக் கூடையைக் கொண்டுவந்து மொட்டை மாடியில் செய்தித்தாளை விரித்துக் கொட்டினார். தரையில் உட்கார்ந்து, தலைமுடிச் சுருளையும் பிள்ளைகள் தின்றுபோட்ட மாங்கொட்டையையும் துவரம் பருப்பு பொறுக்குவதுபோல ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். நானும் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. அரை மணி கழித்து, எங்கள் வீட்டுக்குத் துவைக்கக் கொண்டுபோன போர்வை மூட்டையை உதறியபோது ஜிமிக்கி விழுந்தது. ஓரத்துத் தையலில் கொக்கி மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பெரியம்மா மகளே போய் அக்காவிடமும், சாயந்திரம் அந்த அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டாள். அவள் வீட்டுக்காரர் கேட்கவில்லை.

நகை என்று எது இருந்தாலும் முதல் ராத்திரியே வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்க வேண்டும். அடுத்தவர் வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால், அது கிடைக்கும்வரை அந்த வீட்டில் இருக்கிற எல்லோரும் சந்தேகத்தின் நிழலில் நிற்கிறார்கள். கிடைத்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள்.

புதன் காலை பத்து மணிக்கே மாடியைக் காலி செய்தோம். பாய், தலையணை, ஜமுக்காளம் எல்லாம் பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்தவை, அக்கா வீட்டுத் துணி ஒன்றையும் தொடவில்லை. பெரியம்மா மகள் குளியலறையைத் தேய்த்துக் கழுவினாள். மண்டபத்து அறைக்குப் பெட்டிகள் போயின. வியாழன் ராத்திரி ஒன்று இருக்கிறது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். மண்டபம் கைவிட்டுப் போயிருக்கும், ஊருக்கு ரயில் மறுநாள்தான். அதற்கு அந்த லாட்ஜ் உதவியது. முன்பணம் வீண் போகவில்லை. அன்று மறுபடி அக்கா மாடியையே கேட்டிருந்தால், பெங்களூர் பையன் கைக்குழந்தையோடு ஹாலில் படுத்திருப்பான்.

கைம்மாறு விஷயத்தில் எனக்கு இன்னும் முழுத் தெளிவு இல்லை. பணமாகக் கொடுத்தால் இருபத்திரண்டு வருஷத்தைக் கணக்குப் பார்த்து முடித்ததுபோல ஆகிவிடும். வேலைக்கு வருகிற அம்மாவுக்கு, அக்காவிடம் கேட்டுவிட்டு, நானே ஆயிரம் ரூபாயும் ஒரு புடவையும் கொடுத்தேன். முகூர்த்தம் முடிந்ததும் அக்காவையும் அண்ணனையும் மேடைக்கு அழைத்து, சம்பந்தி முன்னால் புடவை வேட்டி வைத்துக் கொடுத்தோம். ஆனால் மின்கட்டணத்தை நான் நினைத்துப் பார்க்கவில்லை. மாடி அறையில் ஏசி உண்டு, வைகாசியில் நாலு ராத்திரியும் விடிய விடிய ஓடியது. நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. அதில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டியதற்கு மட்டும் கூடுதல் இல்லை, அதற்கு முந்தைய யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விலை ஏறிவிடும். வழக்கமாக 480க்குள் நிற்கிற அக்கா வீட்டுக் கணக்கு அந்தத் தடவை தாண்டியிருக்கிறது. அவர் சொல்லவில்லை, வேறு பேச்சில் அண்ணன் சொன்னார். மின் இணைப்பு எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் கட்டலாம். ஆனால் அதற்குள் அவர்களே கட்டிவிட்டார்கள். ஆடிப் பெருக்கன்று ஒரு மூட்டை பொன்னி அரிசி அனுப்பினேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கார்த்திகையில் அக்கா பேரனுக்குக் காது குத்து வைத்தார்கள். ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பத்திரிகை இல்லை. உட்கார்ந்ததும், "மூணு பேரு. என் அண்ணன், அண்ணி, அண்ணியோட அம்மா. ரயில் டிக்கெட் எடுத்தாச்சு. அந்த அம்மாவுக்கு முட்டி வலி, உன் வீட்டுல வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கேன்னு வந்தேன். சனி, ஞாயிறு ரெண்டு ராத்திரி. முடியலைன்னா லாட்ஜ் சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என் மகளும் மாப்பிள்ளையும் வருவதாக இருந்தார்கள்.

"சனி ராத்திரி வரட்டும்க்கா. ஞாயிறு முடியாது, பொண்ணு வர்றா" என்றேன்.

"சரி" என்று எழுந்தவர், வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார். "சனிக்கிழமை சாயந்திரம் தொட்டியை நிரப்பி வச்சுடு" என்றார்.